ஒரு மெசேஜ், மூன்று வேலை: பல், முகம், துணி

படுக்கப் போகும்முன் மூன்று வேலை இருக்கிறது. பல் துலக்க வேண்டும், முகம் கழுவி க்ரீம் போட வேண்டும், நாளைக்கு உடுத்த வேண்டியதை எடுத்து நாற்காலியில் வைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தாலும் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் விளக்கை அணைத்துப் போர்வையை இழுத்த பிறகுதான் "ஐயோ, க்ரீம் போடலையே" என்று உறைக்கும். அதற்காக யார் எழுந்து போவார்கள்? நான் போனதில்லை.

முதலில் நானும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். மூன்று வேலைக்கு மூன்று அலாரம். 9.30க்குப் பல், 9.40க்கு முகம், 9.50க்குத் துணி. ஒரு நாள் 9.25க்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது, பேச்சு ஓய 9.55 ஆகிவிட்டது. நடுவில் மூன்று அலாரமும் அடித்தன, பேசிக்கொண்டே மூன்றையும் கட்டை விரலால் ஒதுக்கிவிட்டேன். அன்று எதுவுமே நடக்கவில்லை. சரி, அது போன் வந்த நாள் என்று விட்டுவிடலாம். போன் வராத நாளில் நடந்ததுதான் எனக்குப் பாடம். 9.30க்குப் பல் துலக்கப் போனேன், 9.35க்கு முடிந்துவிட்டது, அடுத்த அலாரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று கட்டிலில் உட்கார்ந்தேன், கையில் போன். அந்த ஐந்து நிமிடத்திலிருந்து நான் வெளியே வந்தது பத்தரை மணிக்கு.

மூன்று அலாரத்தின் கோளாறு இதுதான்: வேலைக்கும் வேலைக்கும் நடுவே அவை ஓர் இடைவெளியை விடுகின்றன. வேலை எதுவும் கஷ்டமில்லை, அந்த இடைவெளியில்தான் ஆள் காணாமல் போய்விடுகிறார்.

இப்போது நான் செய்வது சங்கிலி முறை, அதில் இந்த இடைவெளி கிடையாது. போனில் நாமே வைக்கும் மெசேஜ் ஒன்றே ஒன்று, அது முதல் வேலையை மட்டும் தொடங்கி வைக்கும். இரண்டாவது வேலைக்கு மணி அடிக்காது, முதல் வேலை முடிந்ததே அதற்கு மணி. பிரஷ்ஷை டம்ளரில் போடும் சத்தம் கேட்டால் கை ஃபேஸ்வாஷுக்குப் போக வேண்டும். க்ரீம் மூடியைத் திருகி மூடினால் கால் பீரோவுக்குப் போக வேண்டும். மணி எத்தனை ஆனாலும், ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும். ஒன்பதரைக்குத் தொடங்கினாலும் பதினொன்றுக்குத் தொடங்கினாலும் சங்கிலிக்கு ஒன்றுதான்.

உளவியலில் இதன் அடிப்படையை வேறு பெயரில் சொல்வார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று பரவலாக அறியப்பட்டது. "இதைச் செய்யணும்" என்று பொதுவாக நினைப்பதைவிட "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைத்தால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது அதன் சாரம். நம் சங்கிலியில் அப்படி மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மெசேஜோடு, மற்ற இரண்டும் நம் கையோடு.

இதைச் சொன்னபோது என் தங்கை விடவில்லை. "அக்கா, மூணு வேலைன்னா மெசேஜிலயும் மூணையும் எழுதித்தானே ஆகணும், அப்புறம் ஒண்ணு என்ன, மூணு என்ன?" எழுதத்தான் வேண்டும், வரிசையாக எழுத வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில், ஒரே பார்வையில் மூன்றும் கண்ணில் பட வேண்டும். பல்லைப் பற்றி மட்டும் சொல்லும் அலாரம், பல் துலக்கியதும் வேலை முடிந்தது என்று மனசுக்குச் சொல்லிவிடுகிறது. மூன்றையும் சொல்லும் மெசேஜ், துணி நாற்காலிக்கு வரும்வரை முடியவில்லை என்று சொல்கிறது. வித்தியாசம் அதுதான்.

அடுத்து வரிசை. பல், முகம், துணி என்பதை ஏதோ வாய்க்கு வந்தபடி வைக்கவில்லை.

பல் முதலில் வருவதற்குக் காரணம் நுரை. துலக்கும்போது பேஸ்ட் நுரை வாயோரத்திலும் முகவாயிலும் வழியும், அது சிலருக்கு அந்த இடத்தில் எரிச்சலையும் சிவப்பையும் கொண்டுவரும். பின்னால் முகம் கழுவினால் நுரை அதோடு போய்விடும். மாற்றிச் செய்தால் இப்போதுதான் போட்ட க்ரீம் மேல் நுரை வழியும், அதைத் துடைக்கப் போய் க்ரீமையும் சேர்த்துத் துடைப்போம். வாயைச் சுற்றி மட்டும் தோல் வறண்டு கிடப்பவர்கள் இதை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம்.

துணி கடைசியில் வருவதற்குக் காரணம் நடை. பல்லும் முகமும் ஒரே வாஷ்பேசினில் முடிகின்றன, துணி படுக்கையறையில். இந்த வரிசையில், துலக்கத் தொடங்கிய பிறகு வாசலை ஒரே ஒருமுறைதான் தாண்டுகிறோம். துணியை நடுவில் வைத்தால் படுக்கையறைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். கட்டிலைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வருகிற மன உறுதி எனக்கில்லை, உங்களுக்கு இருந்தால் மகிழ்ச்சி.

இதில் ஒரு பொறி உண்டு. பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்க வைக்கும். அதைத் தடவிய விரலோடு நீலச் சட்டையை எடுத்தால், அன்றைக்கு எதுவும் தெரியாது, பிறகு பார்த்தால் காலரில் ஆரஞ்சுத் திட்டு. டவலிலும் தலையணை உறையிலும் இதே கதைதான். ஆகவே அந்த மருந்து போடுபவர்களுக்கு க்ரீமுக்கும் துணிக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுவது சங்கிலியின் ஒரு கண்ணி. மெசேஜிலும் அது இருக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு கண்ணியையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். பல்லுக்கு இரண்டு நிமிடம். ஃப்ளாஸ் பழக்கம் இருந்தால் அதைத் துலக்குவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வைத்தால் "இன்னிக்கு வேண்டாம்" என்று விடத் தோன்றும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பெரியவர்களுக்கு ஒரு பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க அலையடிக்க வேண்டியதில்லை. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைவதால் பல்லுக்குக் காவல் குறைந்த நேரம் அதுதான், அந்த நேரத்துக்கு அந்த மெல்லிய பூச்சு வேண்டும். ராத்திரித் துலக்கலை விடக் கூடாது என்பதன் காரணமும் இதுவே. புளிப்பாக ஏதாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குவது நல்லது, புளிப்புப் பட்டு எனாமல் கொஞ்சம் இளகியிருக்கும். துலக்கிய பிறகு குடிக்கத் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டாம்.

முகத்துக்கு மூன்று நிமிடம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஃபேஸ்வாஷ், டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. முற்றிலும் காய விடாமல், லேசாக ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டால் அந்த ஈரம் தோலில் கொஞ்சம் நிற்கும். தோலுக்கு மட்டுமில்லை, சங்கிலிக்கும் இது நல்லது, டவலுக்கும் க்ரீமுக்கும் நடுவே காத்திருப்பு இல்லை பாருங்கள். தொடங்குகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழு பாட்டில் அடுக்கிவைத்துத் தொடங்கிய என் தோழி ஒருத்தி நாலாம் நாள் ஏழையும் விட்டாள்.

காத்திருப்பு தவிர்க்க முடியாதவர்களும் உண்டு. பருவுக்கு மருத்துவர் ட்ரெட்டினாயின் போன்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால், முகம் கழுவியபின் தோல் நன்றாகக் காய 20 முதல் 30 நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள், ஈரத்தில் போட்டால் எரியும். அந்த அரை மணி நேரம் சங்கிலியை அறுக்கிற அரை மணி நேரம். அவர்களுக்கு நான் வரிசையையே மாற்றச் சொல்வேன்: பல், முகம் கழுவுவது, துணி, கடைசியாக மருந்து. மருந்து ட்யூப் வாஷ்பேசின் பக்கம் இருக்கக் கூடாது, தலையணைப் பக்கம் மேஜையில் இருக்கட்டும். துணியை எடுத்து வைத்துவிட்டு, அறையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்கு வரும்போது ட்யூப் கண்ணில் படும். கையில் மருந்து இல்லாமல் துணியைத் தொடுவது கூடுதல் லாபம். மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

துணிதான் பலரும் சாதாரணமாக நினைத்துச் சறுக்குகிற இடம். எடுத்து வைப்பது என்றால் பீரோவைத் திறந்து "நாளைக்கு அந்தப் பச்சை" என்று மனசில் குறித்துக்கொள்வது கிடையாது. உள்ளாடை, சாக்ஸ், கைக்குட்டை வரை எல்லாம் நாற்காலிக்கு வர வேண்டும். கடைசியில் போடுவது அடியில், முதலில் போடுவது மேலே, அப்போதுதான் காலையில் தூக்கக் கலக்கத்தில் கிளறாமல் மேலிருந்து எடுத்து எடுத்துப் போடலாம். கையில் எடுத்துப் பார்த்தால்தான் சட்டையின் மூன்றாவது பட்டன் நூலில் தொங்குவது தெரியும். தெரிந்தால் தைக்க உட்காராதீர்கள். அந்தச் சட்டையை ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். அயர்ன் பண்ணுவது, தைப்பது, கறை போக்குவது எதுவும் இந்தச் சங்கிலியில் கிடையாது. அவற்றை உள்ளே விட்டால் ஐந்து நிமிட வேலை நாற்பது நிமிடமாகும், பிறகு மெசேஜைப் பார்த்தாலே அலுப்பு வரும்.

சரி, மெசேஜ். "இரவுப் பழக்கத்தை மறக்காதே!" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, அதைப் படித்துவிட்டுக் காலை எங்கே எடுத்து வைப்பது? பத்து வரியில் விளக்கமாக எழுதினாலும் வீண், போன் திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி மடங்கிவிடும். நான் வைத்திருப்பது இது:

"எழுந்திரு. போனை நாற்காலியில் வை. பல், முகம், துணி."

ஏழே சொல். முதல் சொல் உடம்பை அசைக்கச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம்தான் இதில் சூட்சுமம். எந்த நாற்காலியில் நாளைய துணி வரப்போகிறதோ, அதே நாற்காலியில் போனை வைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போகிறேன். இதில் இரண்டு காரியம் ஆகிறது. பல் துலக்கும்போது கையில் போன் இல்லை. போன் வேண்டுமென்றால் நாற்காலிக்குத்தான் வர வேண்டும், அங்கே வந்தால் துணி இல்லாத வெறும் நாற்காலி முறைத்துப் பார்க்கும். துணியை வைத்துவிட்டுத்தான் அந்த நோட்டிஃபிகேஷனை நீக்குவேன். நடுவில் நீக்குவதில்லை, ஸ்னூஸும் கிடையாது. ஒருமுறை ஸ்னூஸ் போட்டால் அது மூன்று அலாரக் கதையாகத் திரும்பிவிடும்.

மெசேஜை எதில் வைப்பது என்பது பெரிய விஷயமில்லை. தினமும் திரும்ப வரும் ரிமைண்டர், காலண்டர் நிகழ்வு, பெயர் எழுதிய அலாரம், எதுவானாலும் சரி, நீக்கும்வரை திரையில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

எந்த மணிக்கு என்பதுதான் யோசிக்க வேண்டியது. படுக்கும் நேரத்துக்கு வைப்பதுதான் வழக்கமான தப்பு, அப்போது உடம்பு ஏற்கெனவே கட்டிலுக்குப் போய்விட்டது. சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தை ஒதுக்கி, இன்னும் நின்றுகொண்டிருக்கும் நேரம் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். ஐந்து நாள் அந்த நேரத்தை மட்டும் குறித்துப் பாருங்கள். எனக்கு 8.50, 9.05, 8.40, 9.10, 8.55 என்று வந்தது. சராசரியை ஒட்டி 8.55க்கு வைத்தால் இரண்டு நாள் கை பாத்திரத்தில் இருக்கும்போதே மணி அடிக்கும், அப்போது ஒதுக்கித் தள்ளிவிடுவோம், தள்ளிப் பழகினால் கண் அந்த மெசேஜைப் பார்ப்பதையே நிறுத்திவிடும். ஆகவே இருப்பதிலேயே தாமதமான நாளைப் பிடித்து, அதற்கும் ஐந்து நிமிடம் தள்ளி 9.15 வைத்தேன்.

முதல் வாரம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு டிக் அடித்தேன். ஏழு நாளில் பல் 7, முகம் 4, துணி 2. இந்த எண்களைப் பார்த்து "எனக்குப் பொறுப்பு போதாது" என்று நினைப்பதைவிட, சங்கிலி எந்த இடத்தில் அறுகிறது என்று பாருங்கள். பல்லே நடக்கவில்லை என்றால் மெசேஜ் வரும் நேரம் தப்பு. பல் நடந்து முகம் நின்றால், பொருள் இருக்கும் இடம் தப்பு. முகம் வரை வந்து துணி நின்றால், துணி வேலை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு பல்லுக்கும் முகத்துக்கும் நடுவில் அறுந்திருந்தது. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை, மாய்ஸ்சரைசர் படுக்கையறை அலமாரியில் இருந்தது. முகம் கழுவி, ஈர முகத்தோடு அங்கே போக வேண்டும், அதற்குச் சோம்பி முகம் கழுவுவதையே விட்டிருக்கிறேன். டப்பாவைக் கொண்டுவந்து பிரஷ் டம்ளருக்கு வலப்பக்கம் வைத்தேன், இடமிருந்து வலமாகப் பேஸ்ட், டம்ளர், ஃபேஸ்வாஷ், க்ரீம். பிரஷ்ஷை வைக்கும் கை ஃபேஸ்வாஷ் மேல் இடித்துக்கொண்டுதான் திரும்பும். இரண்டாம் வாரம் முகம் 6. துணி மட்டும் 3ஐத் தாண்டவில்லை.

துணிக்கு என்ன கோளாறு என்றால், பீரோ முன்னால் நின்று எதைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். களைத்த நேரத்தில் முடிவெடுக்கச் சொன்னால் மனசு நழுவத்தான் செய்யும். அதனால் முடிவை ராத்திரியிலிருந்து எடுத்துவிட்டேன். துவைத்து மடிக்கும் நாளிலேயே அந்த வாரத்துக்கானதை ஹேங்கரில் வரிசையாக மாட்டிவிடுவேன், ராத்திரி இடக்கோடியில் தொங்குவதை எடுப்பதோடு சரி. அந்த மாற்றம் வந்த மூன்றாம் வாரத்தில் 7, 7, 6. விட்ட அந்த ஒரு நாள் காய்ச்சல்.

காய்ச்சல், வெகுநேரம் கழித்து வீடு திரும்புவது மாதிரியான நாட்களுக்குச் சங்கிலியைக் குட்டையாக்கலாம், கண்ணியை மட்டும் கழற்றாதீர்கள். இரண்டு நிமிடத் துலக்கல் அப்படியே இருக்கட்டும். முகத்துக்கு வெறும் தண்ணீர், துணிக்கு ஒரே ஒரு சட்டை. மூன்றும் அதே வரிசையில் நடந்துவிட்டால் கைக்கு வரிசை மறக்காது.

எத்தனை நாளில் பழகும் என்பதற்கு "21 நாள்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள், நடுத்தரமாகப் பார்த்தால் 66. நடுவில் ஒரு நாள் விட்டுப்போவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

பழகிவிட்டதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இரண்டு. மெசேஜ் வரும்போது ஏற்கெனவே வாயில் பிரஷ் இருக்கிறதா? அப்புறம், முகம் துடைத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறேனா, இல்லை யோசிக்காமலே கால் போகிறதா? இரண்டும் சரியாக இருந்த பிறகும் மெசேஜை நான் அணைக்கவில்லை. வெளியூரில் தங்கிய ஓர் ராத்திரிதான் அதற்குக் காரணம். அங்கே டம்ளர் இல்லை, வலப்பக்கம் ஃபேஸ்வாஷ் இல்லை, நாற்காலியும் இல்லை, இரண்டு மாதமாகத் தானாக ஓடிய சங்கிலி பல்லோடு நின்றுவிட்டது. இப்போது பயணத்துக்கு ஒரு சின்னப் பை வைத்திருக்கிறேன், அதில் பேஸ்ட், பிரஷ், ஃபேஸ்வாஷ், க்ரீம் அதே வரிசையில். அந்த ஊரில் போய் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, போன் வைக்க ஓர் இடத்தைத் தேடுவது. நாற்காலி இல்லாவிட்டால் பெட்டியின் மூடி.